மய்யித்தின் கடனைக் கேட்பது இரக்கமற்ற செயலா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

நம் ஊர்களில் ஜனாஸா தொழுகைக்கு முன் மய்யித்தின் மகனோ சகோதரரோ எழுந்து நின்று, "எங்கள் அத்தா யாருக்கேனும் பணம் தர வேண்டியிருந்தால் எங்களிடம் கேளுங்கள், நாங்கள் பொறுப்பு" என்று அறிவிப்பதைக் காண்கிறோம். அழகிய வழக்கம்தான். ஆனால் அந்தச் சொல்லை நம்பி ஒருவர் கணக்குச் சீட்டுடன் வந்துவிட்டால் என்ன நடக்கிறது? "கபுரின் ஈரம் காயவில்லை, அதற்குள் வந்துவிட்டான்" என்று உறவினர்கள் முணுமுணுக்கிறார்கள். கேட்டவர் ஈரமில்லாதவராகவும், கொடுக்காதவர் துயருற்றவராகவும் ஆகிவிடுகிறார். இந்தத் தலைகீழ் நியாயத்தை நாம் மறுக்கிறோம்.

அலங்காநல்லூர் போன்ற வேளாண் பகுதிகளில் உரக்கடை, பலசரக்குக் கடை, சிமெண்ட் கம்பிக் கடை ஆகியவை பற்றுக் கணக்கில்தான் ஓடுகின்றன. நெல் அறுவடையானதும் தருகிறேன், வீட்டு வேலை முடிந்ததும் தருகிறேன் என்ற வாய்ச்சொல்லே அங்கு பத்திரம். அத்தகைய வாடிக்கையாளர் ஒருவர் மவ்த்தாகிவிட்டால் கடைக்காரர்கள் இரு வகையாக நடக்கிறார்கள். ஒருவர் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி வாய் திறவாமல் இருந்து, உள்ளுக்குள் புழுங்குகிறார். மற்றவர் மூத்த மகனைத் தெருவில் நிறுத்திச் சத்தமிடுகிறார். இரண்டுமே தவறு. சரியான வழி, முறையாக எழுதப்பட்ட ஒரு கடிதம்.

முதலில், கேட்காமல் இருப்பது இரக்கம் என்ற எண்ணத்தைப் பார்ப்போம். அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 ஆம் வசனங்களில் பாகப்பிரிவினையைச் சொல்லும் இடங்களிலெல்லாம், வஸிய்யத்தும் கடனும் நிறைவேறிய பிறகே பங்கு என்று அல்லாஹ் திரும்பத் திரும்ப நிபந்தனை இடுகிறான். அடக்கச் செலவு, அதன்பின் கடன், அதன்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத், இறுதியாக வாரிசுகளின் பங்கு என்பதே ஃபிக்ஹு நூல்கள் கூறும் வரிசை. கடன்காரர் மௌனமாக இருக்க, வாரிசுகள் அறியாமல் சொத்தைப் பிரித்துக்கொண்டால், மய்யித்தின் கழுத்தில் கடன் அப்படியே தொங்குகிறது. மனதார மன்னித்துவிட்டவர் மௌனமாக இருக்கலாம். மன்னிக்காமல் மௌனமாக இருப்பவர் மய்யித்துக்கு எந்த நன்மையும் செய்யவில்லை.

ஸஹாபாக்களின் காலத்தில் இது எப்படி நடந்தது? ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 36 இல் ஜமல் போரின்போது கொல்லப்பட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்றது ரொக்கமல்ல, நிலமும் வீடுகளுமே. மக்கள் அமானிதமாகக் கொண்டுவந்த பணத்தை, தொலைந்தால் என்னாவது என்று அஞ்சி, கடனாக ஏற்றுக்கொள்வது அவர்கள் வழக்கம். அப்படிச் சேர்ந்த கடன் 22 இலட்சம் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஃகாபா என்ற நிலத்தை விற்பனைக்கு வைத்து, கடன் கொடுத்தவர்களை அங்கேயே வருமாறு அழைத்தார்கள். நான்கு இலட்சம் தர வேண்டியிருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்கள் வந்து, "விரும்பினால் விட்டுவிடுகிறேன்" என்றார்கள். மகன் மறுத்தார். "பிறகு தாருங்கள்" என்றார்கள். அதையும் மறுத்து, நிலத்தில் ஒரு பகுதியை அளந்து கொடுத்தார். கடன்கள் தீர்ந்ததும் மற்ற வாரிசுகள் பங்கு கேட்டார்கள். நான்கு ஹஜ்ஜுக் காலங்களில் அறிவிப்புச் செய்யும்வரை பிரிக்கமாட்டேன் என்று அவர் உறுதியாக நின்றார்.

இங்கே வந்து கேட்டவரை எவரும் ஏசவில்லை. நான்கு ஆண்டுகள் கூவி அழைத்த அந்த மகனின் அறிவிப்பையும், ஜனாஸாவில் ஒரு நிமிடம் சொல்லிவிட்டு மறந்துபோகும் நம் அறிவிப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இப்போது கடைக்காரர்களின் பக்கம் திரும்புவோம். அவர்கள் செய்யும் பெரிய பிழை, கடன் யார்மீது உள்ளது என்பதை அறியாததே. தந்தையின் கடன் மகனின் கடனாக மாறுவதில்லை. அது விட்டுச்சென்ற சொத்தின் மீதுள்ள கடன். ஷரீஅத்தும் அதுவே சொல்கிறது, இந்திய நீதிமன்றங்கள் பின்பற்றும் முஸ்லிம் தனியார் சட்டமும் அதுவே சொல்கிறது. வாரிசின் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு மேல் அவர் பொறுப்பாளி அல்லர். சொத்து பிரிக்கப்பட்டுவிட்டால் ஒவ்வொருவரும் தம் பங்கின் விகிதத்துக்கு மட்டுமே பொறுப்பு.

புரிதலுக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வீடு கட்ட 2023 மார்ச் 5 அன்று 46,000 ரூபாய்க்குச் சிமெண்டும் கம்பியும் வாங்கி, அன்றே 20,000 கொடுக்கிறார். ஏப்ரல் 12 அன்று மேலும் 38,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறார். தவணை நாள் குறிக்கப்படவில்லை. நிலுவை 64,000. அவர் 2025 டிசம்பர் 20 அன்று மவ்த்தாகிறார். பெற்றோர் முன்பே இறந்துவிட்டனர். மனைவியும் ஒரு மகனும் இரு மகள்களும் வாரிசுகள். மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு பங்கும் மகள்களுக்கு ஒவ்வொரு பங்கும் சேரும். சொத்து பிரிக்கப்படும் முன் 64,000 ஐயும் மொத்தச் சொத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டால் எவருக்கும் சிக்கல் இல்லை. பிரித்த பிறகு கேட்டால், மனைவியின் பொறுப்பு 8,000, மகனுடையது 28,000, மகள்களுடையது தலா 14,000. மகனை மட்டும் பிடித்து 64,000 கேட்பதற்குக் கடைக்காரருக்கு உரிமை இல்லை. கடிதம் நால்வருக்கும் எழுதப்பட வேண்டும் என்பதற்கும், பிரிவினைக்கு முன்பே எழுதப்பட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

"இத்தா முடியட்டும்" என்று காத்திருப்போர் பலர். நான்கு மாதம் பத்து நாட்கள் என்ற அந்தக் காலத்தில் வெளிப்படையாகத் திருமணம் பேசுவது தடுக்கப்பட்டுள்ளது. கணவரின் கடனைத் தெரிவிப்பது தடுக்கப்படவில்லை. மேலும், 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தவணை நாள் குறிக்காமல் கடனுக்கு விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குத் தொடர, சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே உண்டு. ஓடத் தொடங்கிவிட்ட அந்தக் காலம் மரணத்தால் நிற்பதில்லை. மேலே சொன்ன கணக்கில் முதல் பட்டியலின் காலம் 2026 மார்ச் தொடக்கத்திலும் இரண்டாவதன் காலம் ஏப்ரல் நடுவிலும் முடிகிறது. இத்தா முடிவதோ ஏப்ரல் இறுதியில். நாகரிகம் கருதிக் காத்தவர் சட்டத்தின் வாசலை இழந்துவிடுகிறார். அல்லாஹ்விடத்தில் கடன் அப்போதும் கடன்தான். ஆனால் வாரிசு "காலம் கடந்துவிட்டது" என்று சொல்லிவிட்டால் இங்கே வழியில்லை.

இதற்கு வழக்குத் தேவையில்லை. காலம் முடியும் முன் வாரிசுகள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்நாளிலிருந்து புதிய மூன்றாண்டுகள் தொடங்கும் என்று அதே சட்டத்தின் 18 ஆம் பிரிவு கூறுகிறது. ஒருவரின் கையெழுத்து மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது என்பதால் ஒவ்வொருவரும் இட வேண்டும். ஆகவே முதல் வாரத்தில் நேரில் சென்று துஆச் செய்து திரும்புங்கள், பணப்பேச்சு வேண்டாம். சுமார் நாற்பது நாட்களுக்குள், குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் கையில், மூடிய உறையில் கடிதத்தைக் கொடுங்கள். இவ்வாறு எழுதலாம்:

"மறைந்த பெரியவரின் மனைவி, மகன், மகள்கள் அனைவருக்கும், அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் அன்னாரின் பிழைகளை மன்னித்து, உங்களுக்கு அழகிய பொறுமையைத் தருவானாக. அன்னார் எங்கள் கடையில் 2023 மார்ச் 5, ஏப்ரல் 12 ஆகிய நாட்களில் எடுத்த சரக்கில் ரூபாய் 64,000 நிலுவை உள்ளது. பட்டியல்களின் நகலும் பேரேட்டின் நகலும் இணைத்துள்ளோம். உங்கள் வீட்டுக் குறிப்புகளுடன் ஒத்துப் பாருங்கள், வேறுபாடு இருந்தால் சொல்லுங்கள். இது அன்னார் விட்டுச்சென்ற சொத்திலிருந்து தீர வேண்டியதே தவிர, உங்கள் சொந்தப் பணத்திலிருந்து நாங்கள் கேட்பதன்று. கணக்குச் சரியென்று கண்டால், பிரிவினைக்கு முன் இதைக் கருத்தில் கொள்ளவும், நகலில் 'அன்னாரின் சொத்திலிருந்து தீர வேண்டிய கடன்' என்று குறித்து, நால்வரும் தேதியிட்டு ஒப்பமிட்டுத் தரவும் வேண்டுகிறோம். பணம் தரும் நாளை உங்கள் வசதிப்படி நீங்களே சொல்லுங்கள். கூடுதல் தொகை எதுவும் கேட்கமாட்டோம்."

இக்கடிதத்தில் மய்யித்தைக் குறை கூறும் சொல் எதுவும் இல்லை. "பலமுறை கேட்டும் தரவில்லை", "ஏமாற்றினார்" போன்ற சொற்கள் பதில் சொல்ல முடியாதவர்மீது வீசப்படும் கல். அவை எழுதினால் வாரிசுகள் கணக்கைப் பார்க்கமாட்டார்கள், மானத்தையே பார்ப்பார்கள். தாமதத்துக்கென்று கூடுதல் தொகை சேர்த்தால் அது வட்டி, அதைக் கேட்கும் உரிமை நமக்கில்லை. ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் தொகையைப் போடுவதைவிடக் கீழான செயல் வேறில்லை.

ஆதாரம் பற்றி ஒரு சொல். கடைக்காரரின் சொந்தப் பேரேட்டுப் பதிவு சாட்சியாகும், ஆனால் அது ஒன்றே ஒருவர்மீது கடனைச் சுமத்தப் போதாது என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. சரக்கு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துள்ள பட்டியலோ, இறக்கிய வண்டிக்காரரின் சாட்சியமோ உடன் வேண்டும். ஆனால் வாரிசுகளே, கையெழுத்து இல்லை என்ற ஒன்றையே கேடயமாக்காதீர்கள். ஸஅத் இப்னுல் அத்வல் (ரலி) அவர்கள் தம் சகோதரரின் கடன்களை அடைத்தபோது, ஆதாரமில்லாமல் இரண்டு தீனார் கேட்ட ஒரு பெண்ணுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவள் உண்மையே சொல்கிறாள், கொடுத்துவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக இப்னு மாஜாவில் வருகிறது. நமக்கு வஹீ வருவதில்லை. ஆயினும் வீட்டுச் சுவரில் நிற்கும் சிமெண்ட் எந்தக் கடையிலிருந்து வந்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும் அல்லவா?

சொத்தே இல்லாமல் ஒருவர் மவ்த்தாகியிருந்தால் வாரிசுகள்மீது கட்டாயமில்லை. அப்போது கடைக்காரர் விட்டுவிட நினைத்தால், அதையும் எழுத்தில் தெளிவாகச் சொல்லட்டும். மனதில் மன்னித்துவிட்டு வாயால் சொல்லாதிருந்தால், அந்த வீட்டு விதவை பல ஆண்டுகள் அந்தக் கடை வாசலைத் தலைகுனிந்தே கடப்பாள். சிறிதளவு சொத்து இருந்து கடன்கள் அதைவிட அதிகமானால், கொடுக்கப்படாத மஹர் உட்பட எல்லாக் கடன்களும் விகிதப்படி பகிர்ந்துகொள்ளப்படும். மஹரும் கடனே என்பதைக் கடைக்காரர்கள் மறக்கவேண்டாம்.

ஆகவே சகோதரர்களே, ஜனாஸாவில் "கேளுங்கள்" என்று சொன்னால், கேட்பவரை வரவேற்கும் மனத்தோடு சொல்லுங்கள். கேட்க வேண்டியவர்கள், மய்யித்தின் சொத்திடம் கேளுங்கள், பிள்ளைகளின் கழுத்தைப் பிடிக்காதீர்கள். அல்லாஹ் நம் அனைவரையும் கடனின்றி மரணிக்கச் செய்வானாக.

வஸ்ஸலாம்.