இணையக் கம்பியைச் செருகுவதற்கு முன்

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தை எதிர்நோக்கித் திருத்தணி அடிவாரத்து விடுதியொன்றில் புதிய கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். உரிமையாளரின் கைப்பேசியில் காட்சி தெரிந்ததும், பொருத்தியவர் கூலியைப் பெற்றுக்கொண்டு புறப்பட்டார். பதிவுக் கருவியின் நிர்வாகிக் கணக்கு admin என்ற பெயரிலும், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடும் அப்படியே இருந்தது.

இதன் விளைவை ராஜ்கோட்டில் கண்டோம். அங்குள்ள மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் பெண்கள் பரிசோதிக்கப்பட்ட காட்சிகள் இணையத்தில் விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளிப்பட்டது. கேமரா அமைப்பின் கடவுச்சொல் admin123 என்று பின்னர் செய்திகள் வெளிவந்தன. அங்கே பூட்டு உடைக்கப்படவில்லை. ஊரறிந்த சாவியால் திறக்கப்பட்டது.

அந்தச் சாவியை மனிதர்கள் உட்கார்ந்து தேடுவதில்லை. 2016இல் பரவிய 'மிராய்' என்ற தீநிரல், சுமார் 60 தொழிற்சாலைப் பெயர்–கடவுச்சொல் இணைகளை மட்டும் வைத்துக்கொண்டு இணையம் முழுவதையும் தட்டிப் பார்த்தது. அது கைப்பற்றிய கேமராக்களும் பதிவுக் கருவிகளும் அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று 'டின்' நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் முடங்கின. மிராய் கருவியின் நினைவகத்தில் மட்டுமே தங்கும். அணைத்துப் போட்டால் மறைந்துவிடும். ஆனால் பழைய கடவுச்சொல்லோடு மீண்டும் இணைத்தால், சில நிமிடங்களிலேயே திரும்ப வந்துவிடக்கூடும். ஆகவேதான் வரிசை முக்கியமாகிறது: முதலில் கடவுச்சொல், பிறகே இணையக் கம்பி.

மிராய் இன்னொன்றையும் காட்டியது. சில கருவிகளில் திரையில் தெரியும் admin கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினாலும், உள்ளே பதிக்கப்பட்ட root கணக்கு மாறாது. அத்தகைய கருவியை வெளியிலிருந்து எவரும் நேரடியாக எட்டாதபடி ரவுட்டரில் வழியை அடைப்பதே தீர்வு.

மென்பொருளுக்கும் இதுவே விதி. பல பில் மென்பொருள்களுக்கு அடியில் மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர் இயங்குகிறது, அதன் நிர்வாகிக் கணக்கு sa என்பதை உலகமே அறியும். தாக்குபவருக்குப் பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆகவே வேறு பெயரில் புதிய நிர்வாகிக் கணக்கைத் தொடங்கி, அதில் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகு sa கணக்கை முடக்க வேண்டும். பில் மென்பொருளே sa பெயரில்தான் தரவுத்தளத்தோடு பேசுகிறது என்றால், முடக்கிய நொடியில் பில் நின்றுவிடும். முதலில் அதற்குக் குறைந்த அதிகாரமுள்ள தனிக் கணக்கைத் தர வேண்டும்.

பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல், நுகர்வோருக்கு விற்கும் இணையக் கருவிகளில் எல்லாவற்றுக்கும் பொதுவான, எளிதில் ஊகிக்கத்தக்க தொழிற்சாலைக் கடவுச்சொல்லைத் தடை செய்துள்ளது. ஆனால் எந்தச் சட்டமும் ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்ட கருவியைத் தானாக மாற்றாது. பொருத்துபவருக்குக் கூலி தருவதற்கு முன், பழைய கடவுச்சொல்லை உரிமையாளர் தம் கையாலேயே ஒருமுறை இட்டுப் பார்க்கட்டும். கருவி திறந்துகொண்டால், வேலை இன்னும் முடியவில்லை.