உப்பு டப்பா எந்தத் தட்டில் இருக்க வேண்டும்?

அரக்கோணத்திலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலேறுகிறவர்களின் வீடுகளில் விடியும் முன்பே அடுப்பு எரியும். சென்ட்ரல் சுமார் 70 கி.மீ. தூரம். காலை உணவு, மதியத்துக்கான டிபன் பாக்ஸ், பிள்ளைகளுக்குப் பால் என எல்லாமே ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். அந்த நேரத்தில் "பெருங்காயம் எங்கே போச்சு?" என்று தேடுவதில் போகிற நிமிடத்துக்காக ரயில் காத்திருக்காது.

பல வீடுகளில் சாமான்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்துக்கும் சமையலுக்கும் சம்பந்தமே இருக்காது. டப்பாவின் உயரம் அல்லது 'செட்' பார்த்து அடுக்கியிருப்பார்கள். பருப்பெல்லாம் ஒரு தட்டு, மாவெல்லாம் ஒரு தட்டு. கைக்கு நேராக இருக்கும் நல்ல தட்டில் விருந்தாளிக்கென்று கண்ணாடி டம்ளர்கள் மினுமினுக்கும். தினமும் ஐந்தாறு முறை திறக்கும் உப்போ, மேடைக்குக் கீழே சிலிண்டருக்குப் பக்கத்தில் இரண்டு டப்பாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு அழகாக அடுக்கிய அலமாரி சமைப்பவருக்குத் தினமும் குனிந்து நிமிரும் வேலையைக் கொடுக்கிறது. அந்த வேலையை வீட்டில் வேறு யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். காலைச் சமையலில் டப்பாக்களை 20 முறை எடுத்து வைப்பதாகக் கொள்வோம். குனிந்து, முன்னால் இருப்பதை நகர்த்தி எடுக்க 12 வினாடி, கைக்கு நேராக இருந்தால் 3 வினாடி. ஒவ்வொரு முறையும் 9 வினாடி மிச்சம் என்றால் மொத்தம் 3 நிமிடம். கேட்க அற்பமாகத்தான் தெரியும். ஆனால் பிளாட்ஃபாரத்தில் ஓடியவர்களுக்கு அந்த 3 நிமிடத்தின் அருமை தெரியும்.

எது அதிகம் எடுக்கப்படுகிறது?

மனசுக்குள் போடும் கணக்கை இதில் நம்பக் கூடாது. "ரவை அடிக்கடி எடுப்பேனே" என்று தோன்றும். எண்ணிப் பார்த்தால் வாரத்துக்கு ஒரு முறைதான். ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் சிறு டேப் துண்டை ஒட்டி, திறக்கும்போதெல்லாம் ஒரு கோடு போட்டால் ஏழு நாளில் உண்மை தெரிந்துவிடும். கோடு போடப் பொறுமை இல்லையென்றால் வேறு வழி உண்டு. எடுத்த பொருளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகாமல், மேடைக்கு மேலே இருக்கும் முதல் தட்டிலேயே வைத்துவிட வேண்டும். ஒரு வாரம் கழித்தும் பழைய இடத்தை விட்டு நகராமல் இருப்பவை தினசரிச் சாமான்கள் இல்லை.

இப்படி எண்ணினால் 40 டப்பா இருக்கும் வீட்டிலும் பெரும்பாலான கோடுகள் பத்துப் பன்னிரண்டு டப்பாக்களில்தான் விழும். உப்பு, காபித் தூள், சர்க்கரை, தாளிப்புச் சாமான்கள், மிளகாய்த் தூள், மஞ்சள், புளி, துவரம் பருப்பு என்று அந்தப் பட்டியல் போகும். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் சில வீடுகளில் பருப்புப் பொடியும் ஊறுகாய் ஜாடியும் முன்னுக்கு வரும். வேறு சில வீடுகளில் அவை பின்னுக்குப் போகும். ஆகவே பக்கத்து வீட்டு அடுக்கைப் பார்த்து அப்படியே செய்வதில் பயனில்லை.

ஜெர்மனியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த 'ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை', நடையைக் குறைத்து எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தது. அதில் அரிசி, சர்க்கரை என்று பெயர் பொறித்த சிறு அலுமினிய இழுப்பறைகள் வரிசையாக இருந்தன. நல்ல யோசனைதான். ஆனால் எந்த அறையில் எதைப் போட வேண்டும் என்பதைச் சமைப்பவருக்குப் பதிலாக வடிவமைத்தவரே முடிவு செய்துவிட்டார். இழுப்பறைகள் குழந்தைகளின் கைக்கு எட்டுகின்றன என்ற குறையும் எழுந்தது. இன்று மாடுலர் கிச்சன் போடுகிறவர்கள், தச்சர் வருவதற்கு முன்பே ஒரு வாரக் கணக்கை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அரிசி மூட்டையை என்ன செய்வது?

அரிசியை தினமும் எடுக்க வேண்டும், ஆனால் 25 கிலோ மூட்டையைத் தட்டில் ஏற்ற முடியாது. இதற்கான விடை அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. அதில் இருப்பது ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஆன கடுகும் சீரகமும் மட்டும்தான். மொத்தச் சரக்கு வேறு டப்பாவில் இருக்கும், குறையக் குறைய நிரப்பிக்கொள்வார்கள். பாட்டிமார்கள் புழக்கத்தையும் சேமிப்பையும் பிரித்தே வைத்தார்கள். அதே முறையில் அரிசிக்கு 3 கிலோ டப்பா, பருப்புக்கு ஒரு கிலோ டப்பா, எண்ணெய்க்கு அரை லிட்டர் தூக்கு என்று கைக்கருகில் வைத்துவிட்டு மூட்டையையும் டின்னையும் கீழேயே விடலாம். புதுச் சரக்கைப் பழையதன் மேலே கொட்டாமல் இருந்தால் போதும். இல்லாவிட்டால் அடியில் தங்குவதில் வண்டு விழும்.

மீதி இடங்களைப் பிரிப்பது எளிது. வாரத்துக்கு ஓரிரு முறை எடுக்கும் இட்லி அரிசி, ரவை, வெல்லம் இரண்டாவது தட்டுக்கு. குக்கர், இரும்புச் சட்டி, மிக்ஸி போன்ற கனமானவை எவ்வளவு அரிதாகப் புழங்கினாலும் தோளுக்கு மேலே போகக் கூடாது. ஸ்டூல் மேல் ஏறி, தலைக்கு மேலிருந்து கனத்தை இறக்கும்போது கால் தவறினால் தப்பிக்க வழியில்லை. பரணுக்கு எடை குறைந்ததும் வருடத்துக்கு ஓரிரு முறை தேவைப்படுவதும் மட்டும் போகட்டும்.

ஆனால் 'அடிக்கடி எடுப்பது அருகில்' என்ற விதி ஒரு இடத்தில் ஆபத்தாகிவிடும். அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் தட்டு எல்லாவற்றையும்விடக் கைக்கு அருகில் இருப்பதுபோல் தெரியும். எரிகிற பர்னருக்கு மேலாகக் கையை நீட்டினால் முந்தானையோ துப்பட்டாவோ நெருப்பில் படலாம். சாமானுக்கும் அந்த இடம் ஆகாது. ஆவியில் உப்பு கசியும், மிளகாய்த் தூள் கட்டி பிடிக்கும், காபித் தூளின் மணம் போகும். தினசரி டப்பாக்களுக்கு ஏற்ற இடம் அடுப்பின் பக்கவாட்டில் ஒரு கை நீளம் தள்ளி இருக்கும் தட்டு. ஃபினாயில், கரப்பான் மருந்து போன்றவை தினமும் தேவைப்பட்டாலும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றைச் சாப்பாட்டுச் சாமானிலிருந்து தள்ளி, குழந்தைக்கு எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆட்சேபணை ஒன்று உண்டு: "இடத்தை மாத்தாதே, கை பழகிடுச்சு." இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இருபது வருடமாகப் புளியை இடப்பக்க மூலையில் எடுத்தவருக்கு அரைத்தூக்கத்திலும் கை அங்கேதான் போகும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 40 டப்பாவையும் இடம் மாற்றினால் திங்கட்கிழமை காலை வீடு ரணகளமாகிவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று டப்பா மட்டும், அதுவும் அதிகக் கோடு விழுந்து மோசமான இடத்தில் இருப்பதை முதலில் மாற்றினால் கை தானாகப் பழகும். பழைய இடம் சுமாராக இருந்தாலே போதும் என்றால், அந்த டப்பாவை அங்கேயே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

கணக்கும் வருடம் முழுக்க ஒன்றாகவே இருக்காது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகிற சொந்தக்காரர்கள் வழியில் இந்த வீடுகளில் இறங்குவார்கள். அந்தச் சில நாட்களுக்குப் பெரிய பாத்திரங்களும் கூடுதல் டம்ளர்களும் மேடைக்குப் பக்கத்தில் வந்தாக வேண்டும். தீபாவளிக்கு முறுக்கு அச்சும் அப்படித்தான் இறங்கும். இறங்கினது திரும்ப மேலே ஏறாததுதான் பல வீடுகளில் நடக்கிற கதை. கார்த்திகை தீபம் வரைக்கும் முறுக்கு அச்சு உப்பு டப்பாவின் இடத்தில் கிடக்கும், உப்பு மறுபடியும் சிலிண்டர் பக்கத்துக்கே போய்விட்டிருக்கும்.