தலையில் முளைத்த கம்பம்

குளத்தூர், பாறசாலைப் பக்கத்து வீடுகளில் முற்றத்தில் நிறுத்திப் படம் எடுத்தால், பின்னால் தென்னையோ மின்கம்பமோ இல்லாமல் இராது. நேரில் கம்பம் தள்ளி நிற்பது கண்ணுக்குத் தெரியும். படத்தில் அந்தத் தூரம் மறைந்து, மாப்பிள்ளையின் உச்சந்தலையிலிருந்தே கம்பம் கிளம்பியதுபோல் ஆகிவிடுகிறது. அதை அழித்துவிடலாமா? வீட்டுப் படத்தில் தாராளமாக அழிக்கலாம்; நடந்ததற்குச் சாட்சியாக நிற்கும் படத்தில் கூடாது என்பது என் கருத்து.

எடுக்கும்போதே விலக்குவது எளிது. ஆள் 3 மீட்டர் தூரத்திலும் கம்பம் அவருக்குப் பின்னால் 6 மீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கம்பம் நிற்கும் இடத்தில் அவர் தலை மறைப்பது ஏறக்குறைய அரை மீட்டர் அகலம். எடுப்பவர் பக்கவாட்டில் 30 செ.மீ. நகர்ந்தால், அந்த மறைப்பு 60 செ.மீ. நகர்ந்துவிடும். கம்பம் தலையைவிட்டு வெளியே வந்துவிடும்.

எடுத்து முடிந்த படமானால், முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதில் வேலை செய்ய வேண்டும். போட்டோஷாப்பில் Clone Stamp என்ற கருவி, பக்கத்து வானத்தை எடுத்துக் கம்பத்தின் மேல் பூசுகிறது. வானம் மேலே போகப் போக நிறம் மாறும். ஆகவே கம்பத்துக்கு அருகே, அதே உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். சிக்கல் முடியோரத்தில்தான். அங்கே பெரிய பிரஷைப் பயன்படுத்தினால் தலை தொப்பி கவிழ்த்ததுபோல் வழவழப்பாகிவிடும். படத்தைப் பெரிதாக்கி, சிறிய பிரஷால் முடியிழைகளை விட்டுவிட்டு இடைவெளிகளை மட்டும் நிரப்ப வேண்டும். கம்பத்தை எடுத்துவிட்டுக் கம்பியை விட்டால் அது ஆதாரமின்றித் தொங்கும். தரையில் கம்பத்தின் நிழல் நின்றாலும், ஒரே மேகம் இரண்டு முறை வந்தாலும் வேலை வெளிப்பட்டுவிடும்.

இனி, சாட்சிப் படம். 1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்பு மாணவர்கள் மீது தேசியக் காவற்படை சுட்டதில் நால்வர் இறந்தனர். ஜெஃப்ரி மில்லர் என்ற மாணவரின் உடலருகே மண்டியிட்டுக் கதறிய 14 வயது மேரி ஆன் வெக்கியோவை ஜான் ஃபைலோ படமெடுத்தார். 1971இல் புலிட்சர் பரிசு பெற்றார். சிறுமியின் தலைக்குப் பின்னால் ஒரு வேலிக்கம்பம் இருந்தது. 1995இல் லைஃப் பத்திரிகை அச்சிட்டபோது அது காணவில்லை! யாரோ முன்பே அழித்திருந்த பிரதி அது. கம்பம் போனதால் துயரம் குறையவில்லை. ஆனால் இரண்டு படங்களையும் பார்த்தவன், "வேறு எதை மாற்றினார்கள்?" என்றுதானே கேட்பான்?

நமக்கும் இது பொருந்தும். எல்லைத் தகராறிலும் சாலை விபத்திலும், கம்பம் எங்கே நின்றது என்பதே வழக்காகலாம். ஆகவே, அழகுக்கு அழித்த படத்தின் பின்புறம் "கம்பம் நீக்கியது" என்று எழுதி வையுங்கள். மூலப்படத்தையும் பத்திரப்படுத்துங்கள்.