புகாரைத் தேடி வரும் போலி உதவி

2023 ஜனவரியில் மும்பை விலே பார்லேயைச் சேர்ந்த ஒரு பெண்மணி, குஜராத்தின் புஜ் நகருக்குப் பதிவு செய்திருந்த தம் ரயில் பயணச்சீட்டுகள் ஆர்ஏசி நிலையிலேயே இருப்பதைக் கண்டு, அவை உறுதியாகுமா என்று ட்விட்டரில் ஐஆர்சிடிசியிடம் கேட்டார். பயணச்சீட்டின் விவரங்களையும் கைப்பேசி எண்ணையும் அந்தப் பதிவிலேயே இட்டிருந்தார். சிறிது நேரத்தில், ஐஆர்சிடிசியின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். அனுப்பும் இணைப்பில் விவரங்களை நிரப்பி இரண்டு ரூபாய் செலுத்தினால் இருக்கை உறுதியாகிவிடும் என்றார். குடும்பத்தினர் அவ்வாறே செய்தனர். அடுத்தடுத்து வங்கிக் கணக்கிலிருந்து 64,011 ரூபாய் பறிபோனது.

இந்த மோசடியில் ஊகம் என்பதற்கே இடமில்லை. வழக்கமான மோசடிக்காரர் ஆயிரம் பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, யாரோ ஒருவர் சிக்குவார் என்று காத்திருக்கிறார். இங்கோ, எந்த நிறுவனத்தோடு சிக்கல், என்ன சிக்கல், எந்த எண்ணில் பேசலாம் என்ற மூன்றையும் பாதிக்கப்பட்டவரே பொதுவெளியில் எழுதிவிடுகிறார். அவர் ஒரு பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார் என்பதும் மோசடிக்காரருக்குத் தெரியும். எதிர்பார்த்த இடத்திலிருந்து எதிர்பார்த்த பதில் வரும்போது ஐயம் எழுவது கடினம்.

தொலைபேசி எண்ணைத் தராதவர்களுக்கு வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் தாங்கிய ஒரு கணக்கு, நம் புகாரின் கீழேயே பதில் இடுகிறது. 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்; விவரங்களைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்' என்பது அதன் வாசகம். உரையாடல் அங்கிருந்து வாட்ஸ்அப்புக்கு நகர்கிறது. பிறகு ஒரு படிவம், அல்லது நம் கைப்பேசித் திரையை அவர்கள் பார்க்க வழிசெய்யும் ஒரு செயலி. இத்தகைய தொலையியக்கச் செயலிகளில் ஒன்றான எனிடெஸ்க் வழியே பணம் திருடப்படுவது குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. 'ஆங்லர்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கொண்டு இந்த உத்திக்கு இணையப் பாதுகாப்புத் துறையினர் பெயர் சூட்டியுள்ளனர்.

தனி உரையாடலுக்கு அழைப்பதில் அவர்களுக்கு ஒரு தெளிவான ஆதாயம் உண்டு. பொதுவெளியில் பதில் இருக்கும்வரை, அதே மோசடியில் முன்பு சிக்கிய ஒருவரோ உண்மையான நிறுவனமோ குறுக்கிட்டு எச்சரிக்க வாய்ப்பிருக்கிறது. கதவு மூடிய பின் சாட்சிகள் இல்லை.

படித்தவர்களும் இதில் ஏமாறுவது ஏன் என்று வியப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மையான நிறுவனங்களும் இதே வாசகத்தைத்தான் எழுதுகின்றன. வங்கிகள், விமான நிறுவனங்கள், இணைய அங்காடிகள் என அனைத்தும், பொதுவெளியில் எழும் புகாருக்கு 'தனிச் செய்தியில் விவரம் தாருங்கள்' என்றே பல ஆண்டுகளாகப் பதிலளித்து வருகின்றன. வாடிக்கையாளரின் விவரங்களைக் காப்பது ஒரு காரணம்; குறை பலர் கண்ணில் படாமல் மறைவது அதனால் கிடைக்கும் கூடுதல் பலன். இவ்வாறு நிறுவனங்களே பழக்கிவிட்ட வழக்கத்தில்தான் போலிகள் புகுந்துகொள்கிறார்கள்.

செஞ்சியை அடுத்த சிங்கவரத்திலிருந்து பார்க்கும் எனக்கு, மக்கள் ஏன் பொதுவெளியில் முறையிடுகிறார்கள் என்பதும் புரிகிறது. செஞ்சிக்கு இன்னும் ரயில் நிலையம் இல்லை. பயணச்சீட்டில் ஒரு சிக்கல் என்றால் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பேருந்தேற வேண்டும். சேவை எண்ணை அழைத்தால் பதிவு செய்த குரல் ஒவ்வொரு எண்ணாக அழுத்தச் சொல்கிறது. சமூக ஊடகத்தில் எழுதினால் மட்டும் யாரோ ஒருவர் உடனே பதில் தருகிறார். அந்த 'யாரோ' யார் என்பதே கேள்வி.

அடையாளம் காணப் பரவலாகச் சொல்லப்படும் வழிகள் சில இன்று பயன் தருவதில்லை. ட்விட்டர் என்ற எக்ஸ் தளத்தில் நீலக் குறி 2023 ஏப்ரலுக்குப் பின் மாதக் கட்டணம் செலுத்துவோருக்குக் கிடைப்பது. அதை நிறுவனத்தின் அத்தாட்சியாகக் கொள்ள முடியாது. கணக்கு தொடங்கிய மாதமும் முழுச் சான்றாகாது. பழைய கணக்கை வாங்கிப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். இவற்றைவிட நம்பத்தக்கது, அந்தக் கணக்கு பிறருக்கு எழுதிய பதில்களின் பட்டியல். போலிக் கணக்கில், முன்பின் தொடர்பில்லாத பலருக்கு ஒரே வாசகம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். சொந்தப் பதிவு என்று ஏதும் பெரும்பாலும் இராது.

அதனினும் உறுதியானது, உரையாடலைத் தொடங்கியவர் யார் என்று பார்ப்பது. நிறுவனத்தின் செயலிக்குள் நுழைந்தோ, அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணை அழைத்தோ நாம் தொடங்கிய உரையாடலில் எதிரே இருப்பவரைத் தேர்ந்தவர்கள் நாம். நம்மைத் தேடி வந்த உரையாடலில் நம்மைத் தேர்ந்தவர் அவர். வந்த பதில் உண்மையானதாகவே இருந்தாலும், அதை விட்டுவிட்டு நாமே செயலியின் வழியே மீண்டும் தொடங்குவதால் சில நிமிடங்களுக்கு மேல் இழப்பு இல்லை.

இரண்டு ரூபாய் என்னும் சிறுதொகையின் நோக்கத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். அந்தத் தொகை அவர்களுக்குத் தேவையே இல்லை. அதைச் செலுத்தும் சாக்கில் அட்டை எண்ணையோ யுபிஐ ரகசிய எண்ணையோ போலிப் பக்கத்தில் நாம் பதிய வேண்டும் என்பதே குறி. யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி அதைக் கேட்பவர், நம் பணத்தை எடுக்கவே கேட்கிறார்.

இழப்பு நேர்ந்தபின் சுமை யார் மீது விழுகிறது என்பதில்தான் எனக்கு மிகுந்த கவலை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியின் தவறாலோ, வங்கியும் வாடிக்கையாளரும் காரணமாகாத மூன்றாம் தரப்பு ஊடுருவலாலோ போன பணத்துக்கு வாடிக்கையாளரைக் காக்கிறது. பின்னதை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே தந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேர்ந்த முழு இழப்பும் அவருடையதே. போலிச் சேவைக் கணக்கிடம் ஏமாந்தவர் இந்த இரண்டாம் பிரிவில் தள்ளப்படுவார். தெரிவித்த பின் நிகழும் இழப்பு வங்கியைச் சேரும் என்பதால், வங்கியிடமும் 1930 என்ற எண்ணிலும் உடனே சொல்வது முக்கியம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிச் செல்வதற்குள் நிறுத்திவைக்க முயல்வதே 1930-இன் பணி. cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம்.

ஆனால் எச்சரிக்கை முழுவதையும் வாடிக்கையாளரிடமே கேட்பது நியாயமாகாது. நிறுவனங்கள் சமூக ஊடகத்தில் விவரம் கேட்பதை நிறுத்தி, 'உங்கள் புகார் எண் எங்கள் செயலிக்குள் வந்திருக்கிறது, அங்கே பாருங்கள்' என்று மட்டும் பதிலளிக்கலாம். போலிக் கணக்கால் அந்தச் செயலிக்குள் எதையும் எழுத முடியாது. தம் பெயரைச் சுட்டி எழுதப்படும் புகார்களின் கீழ் யார் பதிலளிக்கிறார்கள் என்பதையும் அவை நாள்தோறும் பார்க்கலாம். மோசடிக்காரர் தேடிக் கண்டுபிடிக்கும் புகாரை நிறுவனத்தால் கண்டுபிடிக்க முடியாது என்பதை ஏற்க இயலாது.

அதுவரை, முறையிடும் உரிமையை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. குறையைப் பொதுவெளியில் எழுதலாம். பிஎன்ஆர் எண்ணும் கைப்பேசி எண்ணும் அதில் இடம்பெற வேண்டாம். பதில் வந்ததும் அதைத் தொடர்ந்து செல்லாமல், நிறுவனத்தின் வாசலுக்கு நாமே போவோம்.