பாய்லர் அழுத்தம்: தண்ணீரை ஏற்றுமுன் காற்றை அளங்கள்

எங்க ஊர் ராமகுப்பத்தில் வெந்நீர் அண்டா பொங்கினால் வெளியே வழியும், அவ்வளவுதான். இங்கே இங்கிலாந்து வீடுகளில் ரேடியேட்டருக்குள் ஓடும் வெந்நீர் மூடிய வட்டம். சூடேறி விரிகிற தண்ணீருக்குப் போக்கிடம், எக்ஸ்பான்ஷன் வெஸல் என்கிற சிவப்பு உருளை மட்டும்தான். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர்.

குளிர்காலம் வந்தால் நம் மக்கள் பலர், "பிரஷர் இறங்கிடுச்சு" என்று வாரம் ஒருமுறை குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்றுகிறார்கள். இது வைத்தியமே இல்லை என்பது என் கருத்து. புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் உள்ளே போகும், ரேடியேட்டர் துருப்பிடிக்கும்.

ஒரு கணக்கு பார்ப்போம். மாடி வீடு, வட்டத்தில் 100 லிட்டர் தண்ணீர். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் சுமார் 2.9 லிட்டர் கூடும். மேல்மாடி ரேடியேட்டர் வெஸலைவிட 5 மீட்டர் உயரம். அதற்கு 0.5 பார், கொஞ்சம் உபரி சேர்த்து, காற்றை 0.8 பாரில் வைக்கலாம். தண்ணீரை ஆறிய நிலையில் 1 பாருக்கு நிரப்பலாம். வெஸல் 8 லிட்டர் என்றால், சூடானதும் அழுத்தம் 2.3 பார் அளவில் நிற்கும். சேஃப்டி வால்வ் 3 பாரில்தான் திறக்கும். ஆக, அளவு சரி.

அதே வெஸலில் காற்று முழுக்க இறங்கிப் போயிருந்தால்? நிரப்பும்போதே பாதி இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் 4 லிட்டர் காற்றுக்குள் 2.9 லிட்டர் நுழைய வேண்டுமென்றால் அழுத்தம் 6 பாரைத் தாண்டும். அதற்கு முன்பே வால்வ் திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். ஆறியதும் முள் பூஜ்யத்துக்கு அருகில் போய் நிற்கும். நீங்கள் மறுபடி ஏற்றுவீர்கள், மறுபடி வழியும். சூட்டில் முள் 3-ஐத் தொடுவதும், வெளிச்சுவரில் உள்ள குழாய் சொட்டுவதும்தான் இதற்கு அடையாளம்.

காற்றை அதிகமாக அடிப்பதும் ஆகாது. 1.5 பார் வைத்தால் இதே வீட்டில் சூட்டில் 2.9 பார் வரும், வால்வின் விளிம்பு.

அளப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கும்போது டயர் கேஜை வைத்தால், அது தண்ணீரின் அழுத்தத்தைத்தான் காட்டும். பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, தண்ணீரை வடித்து முள் பூஜ்யம் ஆன பிறகு, வடிகுழாய் திறந்திருக்கையில் அளக்க வேண்டும். காற்று குறைவு என்றால் சைக்கிள் பம்பே போதும். வால்வ் ஊசியை அழுத்தினால் தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, வெஸலை மாற்றத்தான் வேண்டும்.

ஊசி பாய்லர் உறைக்குள் இருந்தால் கேஸ் சேஃப் பதிவு பெற்றவரை அழையுங்கள். ஆனால் அவர் "பெரிய வெஸல் போடலாம்" என்றால், "காற்று எத்தனை பார் இருந்தது?" என்று கேளுங்கள். எண் சொல்லாதவருக்குப் புது வெஸலுக்கான பணம் தர வேண்டியதில்லை.