வாடகை மானியம் யாருக்கு மானியம்?

சமூகக் கொள்கை பயிலும் இளந்தோழர் ஒருவர், தமக்குத் தரப்பட்ட ஒப்படைப்பு ஒன்றை அண்மையில் என்னிடம் காட்டினார். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு அரசே வீடு கட்டி வாடகைக்கு விடுவது நல்லதா, தனியார் வீட்டில் குடியிருக்க வாடகை மானியம் தருவது நல்லதா, ஒப்பிடுக என்பது வினா. வாடகை மானியமே மேல் என்று முடித்திருந்தார். மானியத்தில் செலவு குறைவு. குடும்பம் தான் விரும்பிய இடத்தில் வாழலாம். அரசு கட்டும் வீடு பாழடைந்துதான் போகும். இவை அவர் காட்டிய மூன்று காரணங்கள்.

நல்ல மதிப்பெண் கிடைக்கக்கூடிய விடை. அவரோடு மட்டும் பேசி முடித்திருப்பேன். ஆனால் நம் அமைப்புகளுக்குள்ளேயே, வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்காகப் போராடும் தோழர்கள் சிலர், "வீடு எப்போது வருமோ, மாதம் இவ்வளவு வாடகையாவது கொடுக்கச் சொல்வோம்" என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். இடைக்கால நிவாரணமாக அதைக் கேட்பதில் தவறில்லை. கொள்கையாக ஏற்பது வேறு. ஆகவே பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் மானியம் இயங்கும் விதத்தைப் பார்ப்போம். இதன் முன்மாதிரி அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டுச் சட்டம். புதிய பொது வீட்டுத் திட்டங்களை நிக்சன் 1973 ஜனவரியில் நிறுத்திவைத்தார். அடுத்த ஆண்டு வந்த சட்டம் தனியார் வீட்டு வாடகைக்கு உதவும் வழியைத் திறந்தது. இன்று அங்கே வழக்கிலுள்ள முறையில் குடும்பம் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வாடகையாகச் செலுத்துகிறது. ஒரு வரம்பு வரையிலான மீதியை அரசு வீட்டுக்காரருக்கு நேரடியாகச் செலுத்துகிறது. ஏழைக்கு மானியம் என்று பெயரிடப்பட்ட அப்பணம் ஏழையின் கையைத் தொடுவதே இல்லை. தமிழில் 'மானியம்' என்னும் சொல் ஒருகாலத்தில் வரியின்றி விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. நிலமுடையோருக்கே போய்ச் சேரும் இந்தப் பணத்துக்கு நம் மொழிபெயர்ப்பு பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

பணம் வீட்டுக்காரரிடம் போவதுகூடக் குற்றமில்லை, குடும்பத்தின் சுமை அந்த அளவு குறையுமானால். குறைகிறதா என்பதே கேள்வி. ஒரு பகுதியில் 80 அறைகள், குடியேற விரும்பும் குடும்பங்கள் 100 என்று கொள்வோம். அவற்றுள் 40 குடும்பங்களுக்கு மாதம் 2,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அறைகள் 80தான். மானியம் பெற்ற குடும்பம் 6,000 ரூபாய் அறைக்கு 7,000, 7,500 தர முன்வரும். வீட்டுக்காரர் அதைக் கண்டுகொள்ள நெடுநாள் ஆகாது. மானியம் கிடைக்காத 60 குடும்பங்களும் அதே உயர்ந்த வாடகையோடுதான் போட்டியிட வேண்டும். 20 குடும்பங்கள் முன்போலவே வெளியே நிற்கும்.

இது கற்பனைக் கணக்கு. நடந்த கணக்குக்குப் பிரான்சுக்குப் போக வேண்டும். 1977இல் ரேமோன் பார் பிரதமராக இருந்தபோது, அந்நாடு வீட்டு உதவியின் திசையை மாற்றியது. 'கல்லுக்கான உதவி'யிலிருந்து 'ஆளுக்கான உதவி'க்கு என்பது அங்கே வழங்கும் தொடர்: கட்டுமானத்துக்குத் தந்த பணத்தைக் குறைத்து, குடியிருப்போருக்கு வாடகை உதவி தருவது. 1990களின் தொடக்கத்தில் அந்த உதவி, முன்பு அதைப் பெறாத குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அந்த விரிவாக்கத்தின் விளைவைக் காப்ரியேல் ஃபாக் என்னும் பொருளியலாளர் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார். கூடுதலாகத் தந்த ஒவ்வொரு யூரோவிலும் 78 சென்ட் வாடகை உயர்வாகவே போய்விட்டது என்பது அவர் கண்ட முடிவு. குடும்பத்துக்கு எஞ்சியது 22 சென்ட்.

எதிர்த்தரப்பில் ஆய்வே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவைப் பற்றி எரிக்சன், ராஸ் ஆகிய இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, மானியத்தால் ஒட்டுமொத்த வாடகை உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றது. மாணவத் தோழரும் அதை மேற்கோள் காட்டியிருந்தார். ஆனால் புதிய வீடு எளிதில் எழ முடியாத நகரங்களில், மானிய வரம்பை ஒட்டிய வீடுகளின் வாடகை உயர்ந்ததை அதே ஆய்வு காட்டுகிறது; அதை அவர் விட்டுவிட்டார். டெல்லியும் மும்பையும் எவ்வகை நகரங்கள் என்று விளக்கத் தேவையில்லை. வாடகைக்கு உச்சவரம்பு இருந்தாலாவது இந்தக் கசிவை ஓரளவு அடைக்கலாம். 2021இல் ஒன்றிய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டமோ, வாடகையை இரு தரப்பின் ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. ஓட்டையை அகலமாக்கிவிட்டுக் குடத்தில் நீர் ஊற்றச் சொல்கிறார்கள்.

இனி, அவர் காட்டிய காரணங்களுள் வலுவானதை எடுத்துக்கொள்கிறேன்: இடம். இதை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். டெல்லியின் ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த மதராசி கேம்ப்பைத் தமிழ் வாசகர் அறிவர். பல பத்தாண்டுகளாக நம்மவர் வாழ்ந்த குடிசைப் பகுதி. பெண்களில் பலர் சுற்றுப்புற வீடுகளில் வேலை செய்தவர்கள். உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. சுமார் 370 குடும்பங்களில் 215 குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அந்த வீடுகள் நகரின் மறுகோடியில், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், நரேலாவில் உள்ளன. காலை ஆறு மணிக்கு ஜங்புராவில் பாத்திரம் துலக்கத் தொடங்க வேண்டிய பெண்ணுக்கு நரேலா வீடு என்பது வேலைநீக்கக் கடிதம். "இதற்கு அங்கேயே குடியிருக்க வாடகைப் பணம் கொடுத்திருக்கலாமே" என்று ஒருவர் கேட்டால், கேள்வி நியாயமானது.

ஆனால் அந்தப் பணத்தோடு அவர் எங்கே போயிருப்பார்? மானியம் பெற எழுத்து வடிவில் வாடகை ஒப்பந்தம் வேண்டும். குடிசைப் பகுதிகளை ஒட்டிய ஒற்றை அறைகளில் அப்படி எழுதித் தரும் வீட்டுக்காரர் அரிது. எழுதினால் வருமானம் கணக்கில் ஏறும். இதற்கு மேல் சாதி கேட்பார்கள், மதம் கேட்பார்கள், இறைச்சி சமைப்பீர்களா என்று கேட்பார்கள். அரசின் சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கும் கதவைத் திறக்காமலிருக்க வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு. விரும்பிய இடத்தில் வாழலாம் என்னும் சுதந்திரம், வீடு வைத்திருப்பவர் விரும்பினால் மட்டுமே நடப்புக்கு வருகிறது.

நரேலாவை வைத்துப் பொது வீட்டுவசதியைக் குறைகூறுவோர் வேறொன்றையும் மறைக்கிறார்கள். குடிசைவாழ் மக்களை இருந்த இடத்திலேயோ, 5 கிலோமீட்டருக்குள்ளேயோ குடியமர்த்த வேண்டும், அதற்கு அப்பால் அனுப்புவது விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்பது டெல்லி அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கை. நரேலா அக்கொள்கையின் மீறல். உழைப்பாளியை நகரின் நடுவிலிருந்து அகற்றுவதற்கென்று கட்டப்பட்ட கிடங்கைப் பொது வீட்டுவசதி என்று அழைக்கக் கூடாது. பொது உடைமையில் நிலைத்திருப்பது, வாடகை வருமானத்தோடு இணைந்திருப்பது, வேலைக்கு எட்டும் தொலைவில் இருப்பது ஆகிய மூன்றும் இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். கண்காணாத இடங்களில் அரசுப் பணத்தில் எழும்பி ஆளின்றிக் கிடந்த வீடுகள் 83,534 என்பது அரசே சொன்ன கணக்கு. பெருந்தொற்றுக் காலத்தில் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் நடந்து போன பிறகு, 2020 ஜூலையில், அவற்றை வாடகை வீடுகளாக்கப் போவதாக அறிவித்தார்கள். சில ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றத்தில் சொன்ன எண்ணிக்கை 5,648. பதினைந்தில் ஒன்று.

பாழடைவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் புரூயிட்–ஐகோ கட்டடங்கள் 1972இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட படத்தை எல்லாப் பாடநூலும் காட்டும். பராமரிப்புச் செலவு முழுவதையும் ஏழைக் குடியிருப்போர் தரும் வாடகையிலிருந்தே ஈட்ட வேண்டும் என்று விதித்திருந்ததைப் பெரும்பாலும் சொல்லாது. வியன்னா நகராட்சி 1923க்கும் 1934க்கும் இடையில், வசதியுள்ளோர் மீது கூடுதலாக விழுந்த வீட்டு வரியைக் கொண்டு 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டியது. அவற்றில் இன்றும் மக்கள் வாடகைக்கு வாழ்கிறார்கள்.

எஞ்சியிருப்பது செலவு. இங்கே நம் தோழர்கள் பலர் தடுமாறுகிறார்கள். முதலாண்டுக் கணக்கைப் பார்த்தால் தடுமாறத்தான் வேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு வீட்டைக் கட்ட 10 லட்சம் ரூபாய், அதை அரசு 7 விழுக்காடு வட்டிக்கு 30 ஆண்டுக் கடனாகப் பெறுகிறது என்று கொள்வோம். ஆண்டுத் தவணை ஏறத்தாழ 80,600 ரூபாய். குடும்பம் மாதம் 3,000 ரூபாய் தருகிறது. அதில் பாதியைப் பராமரிப்புக்கு ஒதுக்கினால், ஆண்டுக்கு 18,000 கடனுக்குப் போகும். அரசின் நிகரச் செலவு 62,600. அதே குடும்பம் 6,000 ரூபாய் வாடகையுள்ள தனியார் வீட்டில் அதே 3,000 கொடுத்தால், மானியம் மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000. மானியம் மலிவுதான்.

ஆனால் தவணை உயராது, வாடகை உயரும். வாடகை, வருமானம், பராமரிப்பு எல்லாம் ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறுவதாக வைத்துக்கொண்டால், பத்தாம் ஆண்டில் மானியச் செலவு வீட்டுச் செலவை முந்துகிறது. முப்பதாம் ஆண்டில் மானியம் 1,48,000 ரூபாயைத் தாண்டுகிறது. அரசு வீட்டுக்கான நிகரச் செலவு 6,500 ரூபாய் அளவில் நிற்கிறது. அதற்கடுத்த ஆண்டு கடன் இல்லை, வீடு இருக்கிறது. மானிய வழியில் சென்ற அரசிடம் முப்பது ஆண்டு ரசீதுகள் இருக்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்கும் அரசுக்கு முதல் ஒன்பது ஆண்டுகள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன.

இதில் நிலத்தின் விலையைச் சேர்க்கவில்லை என்று தோழர் மறுத்தார். சரிதான், சேர்க்கவில்லை. டெல்லியில் நிலத்தின் பெரும்பகுதி வளர்ச்சி ஆணையம், ரயில்வே, ராணுவம் போன்ற அரசு அமைப்புகளின் கையில் இருக்கிறது. அந்நிலம் ஏலத்துக்குப் போகும்போது கிடைக்கும் தொகையை ஏழையின் வீட்டுச் செலவில் ஏற்றுவதா என்பது கணக்கியல் கேள்வி அல்ல, யாருடைய நகரம் என்னும் கேள்வி. எங்கெல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்சினை குறித்து எழுதிய கட்டுரைகளில் சண்டையிட்டதும், வாடகைக்காரரைச் சிறு உடைமையாளராக்கிப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம் என்றோருடன்தான். இன்றைய பிரதமர் வீட்டுத் திட்டம் அதே பழைய மருந்தை வட்டி மானியமாகக் கரைத்துத் தருகிறது. சொந்த மனையும் வங்கிக் கடனும் இல்லாதவருக்கு அதன் பெரும்பகுதி எட்டாது.

இடைக்கால வாடகை உதவியை நாம் கேட்கும்போதும் இரண்டு நிபந்தனைகளோடு கேட்க வேண்டும்: குடும்பம் குடிபுகும் நாள் எழுத்தில் குறிக்கப்பட வேண்டும், பணத்தைத் தர வேண்டியது அரசே ஆக வேண்டும். மும்பையின் குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் இடைக்கால வாடகையைக் கட்டுமான முதலாளிகளிடம் விட்டதால், பாக்கிக்காகக் குடும்பங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்த கதையை அங்குள்ள தோழர்கள் சொல்வார்கள்.

மதராசி கேம்ப்பில் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்ட 155 குடும்பங்களுக்கு வீடும் இல்லை, வாடகைப் பணமும் இல்லை. ஒப்படைப்பில் அவர்களுக்கு ஒரு பத்தி சேர்க்கும்படி இளந்தோழரிடம் சொன்னேன். ஜங்புராவிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அரசுக்குச் சொந்தமாகக் காலியாக உள்ள வீடுகளையும் மனைகளையும் ஒரு பட்டியலாக எடுத்து இணைக்கவும் சொன்னேன். பட்டியல் முடிந்ததும் அது கல்லூரிக்கு மட்டும் போகாது. தில்லி மாநிலக் குழுவுக்கும் ஒரு படி வரும்.