நேற்றைய பகைவன், இன்றைய நண்பன்

புனைந்து காட்டப்பட்ட ஒரு குமுகாயத்தின் வாயிலாக அரசியல் பேசும் புதினத்தைப் படிப்போர் இருவகையாகப் பிழைபடுகின்றனர். ஒரு சாரார் அதனை வருங்காலம் உரைக்கும் நூலாகக் கொண்டு, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கணக்குப் பார்க்கின்றனர். மற்றொரு சாரார் தாம் வெறுக்கும் ஏதோ ஒரு நாட்டின்மேல் எறியத்தக்க கல்லாக அதனைக் கொள்கின்றனர். சியார்ச்சு ஆர்வெல் எழுதி, 1949 சூன் திங்களில் வெளிவந்த 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு' எனும் ஆங்கிலப் புதினம் இவ்விரு பிழைகளுக்கும் மிகுதியாக ஆளாயிற்று. அதன் ஒரே ஒரு காட்சியை உண்மை வரலாற்றின் அருகில் வைத்துப் பார்த்தாலே, இத்தகைய நூலைப் படிக்க வேண்டிய முறை விளங்கிவிடும்.

அப்புதினத்தில் ஓசனியா என்னும் பேரரசு ஐரோவாசியாவோடு போரிடுகிறது. கிழக்காசியா அதற்கு நட்பு நாடு. பகைவனை வெறுப்பதற்கென்றே நடத்தப்படும் கிழமையின் ஆறாம் நாள், கட்சிப் பேச்சாளன் ஒருவன் கூட்டத்தின்முன் முழங்கிக் கொண்டிருக்கிறான். அவன் கையில் ஒரு தாள்துண்டு தரப்படுகிறது. குரலும் மாறவில்லை, பேச்சும் நிற்கவில்லை. பகைவனின் பெயர் மட்டும் மாறிவிடுகிறது. இனிப் பகைவன் கிழக்காசியா, ஐரோவாசியாவோ நண்பன்! சுவரொட்டிகள் எல்லாம் இரண்டகரின் வேலை என்று கிழித்தெறியப்படுகின்றன. அதன்பின் உண்மை அமைச்சகத்தார் பல நாள் இரவு பகலாக அமர்ந்து, பழைய இதழ்களையும் நூல்களையும் திருத்தி எழுதுகின்றனர்.

இது வெறும் புனைவன்று. 1939 ஆகத்து 23-இல் இசுதாலினின் உருசியாவும் இட்லரின் செருமனியும் ஒன்றையொன்று தாக்குவதில்லை என ஒப்பந்தம் செய்தன. செருமானியப் படையை உருசிய வீரர் முறியடித்த பழங்கதையைக் காட்டி, 1938-இல் ஐசன்சுட்டீன் உருவாக்கிய 'அலெக்சாந்தர் நெவ்சுகி' எனும் திரைப்படம் உடனே திரையரங்குகளினின்று எடுக்கப்பட்டது. பிரித்தானியப் பொதுவுடைமைக் கட்சியின் பொதுச்செயலாளர் ஆரி பொலிட்டு, இட்லருக்கு எதிரான போரை வெல்வது எவ்வாறு என்று செபுதம்பரில் ஒரு சிறுநூல் எழுதினார். அக்தோபரில் கட்சி அப்போரை வல்லரசுகளின் கொள்ளைப்போர் என்று அறிவித்தது. பொலிட்டு பொறுப்பினின்று நீக்கப்பட்டார். 1941 சூன் 22-இல் செருமனி உருசியாவைத் தாக்கியதும் அதே போர் மீண்டும் மக்கள் காக்க வேண்டிய போராயிற்று. பொலிட்டு மீண்டும் பொறுப்பேற்றார். திரைப்படமும் மீண்டும் திரைக்கு வந்தது.

ஆகவே இந்நூல் உருசியாவை மட்டும் சாடுகிறது என்று முடிவு கட்டலாமா? கூடாது. அன்றைய பிரித்தானியாவும் இதே ஆட்டத்தை ஆடிற்று. இசுதாலினின் ஆட்சியை எள்ளி ஆர்வெல் எழுதிய 'விலங்குப் பண்ணை' எனும் நூலை 1944-இல் ஒரு பதிப்பகம் முதலில் ஏற்று, அரசின் செய்தித்துறை அலுவலர் ஒருவரின் அறிவுரை கேட்டபின் மறுத்துவிட்டது. அப்பொழுது உருசியா நட்பு நாடு. 1946 மார்ச்சிலோ, சர்ச்சில் அமெரிக்க மண்ணில் நின்று அதே உருசியாவுக்கு எதிராக எச்சரிக்கை முழங்கினார். ஆர்வெல் தம் கொடுங்கோலரசை மாசுகோவில் அமைக்காமல் இலண்டனில் அமைத்ததன் கரணியம் இதுவே. ஆங்கிலம் பேசுவோர் பிறவியிலேயே மேலானவர் அல்லர் என்றும், எதிர்த்து நில்லாவிடில் வல்லாட்சி எங்கும் வெல்லும் என்றும் அவரே 1949-இல் விளக்கினார். தம் நூல் குமுகவுடைமைக் கொள்கையைத் தாக்குவதன்று என்பதனையும் தெளிவாக்கினார்.

எனில், புதினத்திற்கும் வரலாற்றிற்கும் வேறுபாடு எங்கே? பொலிட்டின் சிறுநூலை ஒருவராலும் துடைத்தழிக்க இயலவில்லை. அது வாங்கியவர் வீடுகளில் இருந்தது. மாற்றார் இதழ்கள் அதனைச் சுட்டிக் காட்டின. கட்சி தடுமாறியதை ஊரே பார்த்து நகைத்தது. இந்தத் தடையை மட்டும் ஆர்வெல் எடுத்துவிட்டார். கட்சியின் திருத்தத்தை மறுத்துக் காட்டப் பழைய இதழ் ஒன்றும் எஞ்சாவிட்டால், அதே 1939-ஆம் ஆண்டு எவ்வாறு முடிந்திருக்கும் என்பதே அவர் எழுப்பிய வினா.

இத்தகைய நூலைப் படிப்போர் கேட்க வேண்டியவை மூன்று: இதில் உள்ளவாறே எடுத்தது எது? மிகைப்படுத்தியது எது? உண்மை வாழ்வில் இருந்து, இதில் அகற்றப்பட்டது எது? மூன்றாவது வினாவே, காக்க வேண்டியது எது என்று காட்டும். நூல் முழுதும் தன் மாற்றானின் முகத்தை மட்டுமே காண்பவன் அதனைப் படித்தவன் ஆகான். தன் கட்சி நேற்றுச் சொன்னதை இன்று எடுத்துப் படித்துப் பார்க்கத் துணிகின்றவனே அதனைப் படித்தவன்.